புள்ளியும் குறிப்பும் ஒரே தாளில் வந்தால்

யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பில் திருத்திய விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பிள்ளை முதலில் முன்பக்கத்தின் மூலையைப் பார்க்கும். அடுத்து பக்கத்து வாங்கில் இருப்பவரிடம் "உனக்கு எத்தினை?" என்று கேட்கும். பிறகு கூட்டல் சரியா என்று எண்ணிப் பார்க்கும். வீட்டுக்குப் போனால் "எத்தினை புள்ளி, எத்தினையாம் பிள்ளை?" என்று கேட்பார்கள். இடையில் ஆசிரியர் சிவப்புப் பேனையால் இரண்டு வரி எழுதியிருப்பார். அதை வாசித்தவர் யார்?

இந்தக் கேள்வியைக் கல்வி ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். புள்ளி மட்டும் கொடுப்பது, குறிப்பு மட்டும் கொடுப்பது, இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது என்று மூன்று வழிகள் உண்டு. சேர்த்துக் கொடுத்தால் இரண்டின் பலனும் கிடைக்கும் என்றுதான் நாம் நினைப்போம். சில ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

அதிகம் பேசப்படுவது ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வு. படிப்பில் முன்னணியில் நின்ற பிள்ளைகளும் பின்தங்கிய பிள்ளைகளுமாக 132 பேர் அதில் இருந்தார்கள். சில சிறிய வேலைகளை அவர்களிடம் கொடுத்தார்கள். எழுத்துகளைக் கொண்டு சொற்களை உருவாக்குவது ஒன்று, புதிய யோசனைகளைச் சொல்லுவது இன்னொன்று. ஒரு பகுதியினருக்கு அவரவர் செய்ததைப் பற்றி ஒரு வரிக் குறிப்பு மட்டும் கிடைத்தது. இன்னொரு பகுதியினருக்குப் புள்ளி மட்டும், மீதிப்பேருக்கு இரண்டும். அடுத்த தடவை அதே மாதிரி வேலையைக் கொடுத்துப் பார்த்தபோது, குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் செயலிலும் ஆர்வத்திலும் மேலே நின்றார்கள். முன்னணிப் பிள்ளைகள், பின்தங்கியவர்கள் இரு பகுதியினரிடமும் இதுதான் நடந்தது. இரண்டும் பெற்றவர்களின் நிலை புள்ளி மட்டும் பெற்றவர்களின் நிலையைப் போலவே இருந்தது. அதாவது குறிப்பு தாளில் இருந்தும் அதன் பலன் காணாமல் போய்விட்டது. ஒரு விதிவிலக்கும் உண்டு. முன்னணிப் பிள்ளைகள் புள்ளி பெற்றபோதும் ஆர்வம் குறையாமல் இருந்தார்கள். அடி விழுந்தது பின்தங்கியவர்கள் பக்கத்தில்தான்.

இதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் "புள்ளியை ஒழியுங்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. அது கொஞ்சம் அவசரம். அந்த வேலைகள் பாடத்திட்டத்தில் உள்ளவை அல்ல, பரிசோதனைக்காகக் கொடுத்தவை. கொடுத்த குறிப்பும் ஒரு வரிதான். ஒரு தவணை முழுக்க ஒரே ஆசிரியரிடம் கணிதம் படிக்கும் வகுப்பு வேறு விதமானது.

மறுபக்கத்தில் எலிஸ் பேஜ் என்பவர் அமெரிக்காவில் 74 வகுப்புகளில், 2,139 மாணவர்களோடு செய்து 1958இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. அவர்கள் வழக்கமாக எழுதும் சோதனைகளையே எடுத்து, எல்லாருடைய தாளிலும் புள்ளியைப் போட்டார்கள். சிலருக்குப் புள்ளியோடு சரி. சிலருக்கு முன்கூட்டியே தீர்மானித்த ஒரு வசனம். சிலருக்கு ஆசிரியர் தன் மனதில் பட்டதை எழுதினார். அடுத்த சோதனையில், ஆசிரியர் தானாக எழுதிய குறிப்பைப் பெற்றவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். வெறும் புள்ளி பெற்றவர்கள் பின்னால் நின்றார்கள். ஆகவே புள்ளி பக்கத்தில் இருந்தால் குறிப்பு செத்துவிடும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பேஜ் குறிப்பு மட்டும் கொடுத்த வகுப்பு ஒன்றை வைத்து ஒப்பிடவில்லை. புள்ளி இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமா என்ற கேள்விக்கு அவருடைய ஆய்வில் விடை இல்லை.

அந்த இடைவெளிக்குள் வருவது லிப்னெவிச், ஸ்மித் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு. உளவியல் படித்த 464 பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு கட்டுரை விடையை எழுதி, திருத்தத்தைப் பெற்று, அதே விடையைத் திரும்ப எழுதினார்கள். விரிவான குறிப்புப் பெற்றவர்கள் நன்றாக முன்னேறினார்கள். அதிலும் புள்ளியோ பாராட்டோ சேராமல் குறிப்பு தனியாக வந்தபோதுதான் பலன் ஆகக் கூடுதலாக இருந்தது. என் கணிப்பில் எங்கள் வகுப்பறைக்கு மிகவும் கிட்டவான ஆய்வு இதுதான். ஏனென்றால் மாணவர்கள் சொந்த விடையைத் திருத்தி எழுதினார்கள். குறிப்புக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது.

ஏன் இப்படி நடக்கிறது? குளூகர், டினிசி என்ற இருவர் 1996இல் பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். செய்த வேலையைப் பற்றித் தகவல் சொல்வது சராசரியாக நன்மைதான் செய்கிறது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் அது செயலைக் குறைத்திருந்தது. அவர்கள் சொன்ன விளக்கம், பிள்ளையின் கவனம் எங்கே போகிறது என்பதைப் பற்றியது. கவனம் வேலையின்மேல் போனால் தகவல் உதவும். "நான் கெட்டிக்காரனா, மக்கா" என்று தன்மேல் திரும்பினால் உதவாது. 6க்கு 3 என்ற எண், வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அது அந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்றுதான் சொல்லும். அந்த எண்ணைப் பார்த்த கையோடு விசயம் முடிந்துவிடுகிறது. தீர்ப்பு வந்தபிறகு வழக்கை யார் வாசிப்பார்கள்?

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண தரத்தில் 35க்கு எஸ், 50க்கு சி, 65க்கு பி, 75க்கு ஏ. இந்த எல்லைகளைப் பத்தாம் தரத்துப் பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்கும். 48 எடுத்த பிள்ளைக்கு அந்தத் தாள் முழுவதும் "இன்னும் இரண்டு" என்றே தெரியும். இரண்டு புள்ளியை எங்கேயாவது பிடித்துத் தர முடியுமா என்று தேடும் கண், எந்தத் தேற்றத்தில் பிழைவிட்டோம் என்று தேடாது.

சரி, இனி ஒரு உதாரணத்தை எடுத்து, முதலில் குறிப்பை மட்டும் கொடுத்து, பிள்ளை திருத்தி எழுதிய பிறகு புள்ளியைக் கொடுப்பதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம். பத்தாம் தரக் கணிதத்தில் முக்கோணிகளின் ஒருங்கிசைவு. வினா இது: ABC ஓர் இருசமபக்க முக்கோணி. AB = AC. BCயின் நடுப்புள்ளி D. AD, BCக்குச் செங்குத்து என நிறுவுக. இதற்கு 6 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறது:

```
ABD, ACD முக்கோணிகளில்
AB = AC          (தரவு)
∠ABD = ∠ACD      (AB = AC ஆகையால்)
AD = AD          (பொதுப்பக்கம்)
∴ △ABD ≡ △ACD    (ப.கோ.ப.)
∴ ∠ADB = ∠ADC
∴ AD ⊥ BC
```

கணித ஆசிரியர்கள் இந்த விடையை வருடாவருடம் பார்ப்பார்கள். ஒவ்வொரு சமனும் உண்மைதான். ஆனால் ப.கோ.ப., அதாவது பக்கம், கோணம், பக்கம் என்றால், கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையில் இருக்க வேண்டும். கோணம் B, ABக்கும் BDக்கும் இடையில் இருக்கிறது. பிள்ளை எடுத்தது ABயும் ADயும். ஆகவே ஒருங்கிசைவை அந்த மூன்று வரிகளால் நிறுவ முடியாது. இரண்டாவது குறை, D நடுப்புள்ளி என்ற தரவை எங்குமே பயன்படுத்தவில்லை. மூன்றாவது, இரண்டு கோணங்கள் சமம் என்றதிலிருந்து செங்குத்து என்ற முடிவுக்கு ஒரே பாய்ச்சல். BDC ஒரு நேர்கோடு, அந்த இரண்டு கோணங்களின் கூட்டுத்தொகை 180° என்ற வரி நடுவில் இல்லை.

வழக்கமான திருத்தம் என்ன செய்யும்? ஒருங்கிசைவு எழுதிய வரியில் ஒரு கீறல், ஓரத்தில் "ப.கோ.ப. பிழை", மேலே 3/6. அந்தப் பிள்ளை அடுத்த முறை ப.கோ.ப.க்குப் பதிலாக வேறெதையாவது எழுதிப் பார்க்கும். ப.ப.கோ. என்று எழுதிய பிள்ளைகளும் உண்டு. அப்படி ஒரு ஒருங்கிசைவு நிபந்தனை கிடையாது. "பிழை" என்ற சொல் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று காட்டவில்லை. "இன்னும் கவனம் தேவை" என்பது அதைவிட மோசம். புள்ளியை மறைத்துவிட்டு இந்த மாதிரிக் குறிப்பை மட்டும் கொடுத்தால் பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. புள்ளியாவது இருந்திருக்கலாம் என்று தோன்றும். பலர் இந்த முறையை ஒருதரம் செய்துபார்த்துவிட்டு "இது சரிவராது" என்று விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பிள்ளை ஏதாவது செய்ய முடிகிற குறிப்பு இப்படி இருக்கும்: "கோணம் B எந்த இரண்டு பக்கங்களுக்கு இடையில் இருக்கிறது என்று படத்தில் காட்டு. நீ எடுத்த பக்கங்கள் அவைதானா? தரவுகளில் நீ இன்னும் பயன்படுத்தாதது எது?" இதில் விடை இல்லை, ஆனால் எங்கே பார்க்கவேண்டும் என்பது இருக்கிறது. மூன்றாவது குறையை, அந்த நேர்கோட்டு விசயத்தை, இந்தத் தடவை விட்டுவிடலாம். முதல் இரண்டும் சரிவந்தால் அதை வகுப்பில் பொதுவாகப் பேசலாம். ஒரு விடைக்கு ஒரு குறிப்பு, மிஞ்சினால் இரண்டு. ஏழு குறிப்பு எழுதினால் பிள்ளை ஒன்றையும் பிடிக்காது.

"நாற்பது பேருக்கு இப்படி எழுத நேரம் எங்கே?" என்பது நியாயமான கேள்வி. எல்லா வினாவுக்கும் எழுதத் தேவையில்லை. தாளில் ஒரு வினாவைத் தெரிந்து அதற்கு மட்டும் எழுதலாம். நாற்பது தாளை வாசித்தால் பிழைகள் மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிடும் என்பது திருத்தியவர்களுக்குத் தெரியும். அந்த நான்கு குறிப்பையும் கரும்பலகையில் எழுதி க, ச, ட, ப என்று பெயர் வையுங்கள். தாளில் பொருத்தமான எழுத்தை மட்டும் போட்டால் போதும். 1, 2, 3 என்று போட வேண்டாம். அதைப் புள்ளி என்று நினைத்துக் கூட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இதே காரணத்துக்காகச் சரி அடையாளமும் போடக்கூடாது. பெரும்பாலும் ஒரு சரி ஒரு புள்ளி என்பதால், மேலே எண் இல்லாவிட்டாலும் பிள்ளை சரிகளை எண்ணித் தன் புள்ளியைக் கண்டுபிடித்துவிடும். புள்ளியை மறைத்ததாக ஆசிரியர் நினைத்துக்கொண்டிருப்பார். வகுப்பு முழுவதற்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். பார்க்கவேண்டிய வரியின் கீழ் ஒரு கோடு, பக்கத்தில் ஓர் எழுத்து. புள்ளி ஆசிரியரின் பதிவேட்டில் மட்டும்.

திருப்பிக் கொடுக்கும் நாளில், தாள் கைக்குப் போன உடனேயே வேலையும் தொடங்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. ரியூசனில் யாராவது முழு விடையையும் எழுதிக்கொடுப்பார்கள். பாடவேளையில் பதினைந்து இருபது நிமிடம் ஒதுக்கி, பழைய விடையின் கீழேயே வேறு நிறப் பேனையால் திரும்ப எழுதச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் பேச்சு இல்லாமல். பிறகு ஒரே எழுத்துக் கிடைத்தவர்கள் ஒன்றாக இருந்து பேசலாம். நாங்கள் எடுத்த பிள்ளை BD = DC என்ற தரவைக் கண்டுபிடித்து, ADக்குப் பதிலாக அதைப் போட்டால், AB, கோணம் B, BD என்று ப.கோ.ப. சரியாக அமையும். வேறொரு பிள்ளை கோணத்தையே விட்டுவிட்டு AB = AC, BD = DC, AD பொது என்று ப.ப.ப.வுக்குப் போகலாம். இரண்டும் சரி. பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், முதல் விடையில் ADயை ஏன் கோணம் Bயோடு சேர்க்க முடியாது என்பது இன்னும் தெளிவாகும்.

புள்ளி எப்போது? இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். "வெள்ளிக்கிழமை புள்ளி தருவேன்" என்று நாள் குறித்தால் பிள்ளைகள் பொறுத்திருப்பார்கள். நாள் சொல்லாமல் மறைத்தால் அவர்களுடைய மனம் முழுக்க அந்த மறைந்த எண்ணில்தான் இருக்கும். ஒளித்து வைத்ததே கவனத்தைக் கெடுத்துவிடும். கொடுக்கும் நாளில் புள்ளி வழங்கும் திட்டத்தைப் பலகையில் போட்டு, முதலில் எழுதிய விடைக்குத் தாங்களே புள்ளி போடச் சொல்லலாம். பிறகு பதிவேட்டில் உள்ளதை ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லுங்கள். சத்தமாக வாசிக்க வேண்டாம். பிள்ளை தனக்கு 5 போட்டு, ஆசிரியர் 3 போட்டிருந்தால் அங்கேதான் பேசுவதற்கு விசயம் இருக்கிறது. அந்தப் பிள்ளை எந்த வரியைச் சரி என்று இன்னும் நம்புகிறது என்பது அந்த இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தெரியும்.

திருத்தி எழுதியதற்கு மேலதிகப் புள்ளி கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. எழுதும்வரை புள்ளியைத் தள்ளி வைத்ததே கவனத்தை வேலையில் வைக்கத்தான். இரண்டாவது விடைக்கும் விலை வைத்தால், "இதுக்கு எத்தினை சேர் கிடைக்கும்?" என்று பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

முதல் சில தடவை எதிர்ப்பு வரும். ஆச்சரியமாக, அது முதலாம் பிள்ளையிடமிருந்தும் அவருடைய பெற்றோரிடமிருந்தும்தான் பலமாக வரும். நன்றாகச் செய்யும் பிள்ளைக்குப் புள்ளி கசப்பான விசயம் அல்ல. பட்லரின் ஆய்விலும் அவர்கள் ஆர்வம் குறையவில்லை என்று பார்த்தோம். அவர்களுக்கு இது கைக்கு வரவேண்டிய பரிசு தாமதமாவதைப் போல. பெற்றோருக்கு ஒரு வசனம் போதும்: புள்ளி உண்டு, இந்த நாளில் வரும், அதற்கு முன் கொப்பியில் பிள்ளை திருத்தி எழுதியதைப் பாருங்கள். ஆசிரியர் எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம் வந்துவிட்டால் எந்தக் குறிப்பும் எடுபடாது.

எல்லாத் தாளுக்கும் இது பொருந்தாது. தவணைப் பரீட்சையில் தாளைத் திருத்தி, புள்ளியைத் தேர்ச்சி அறிக்கைக்கு ஏற்றி, ஓரிரு நாளில் எல்லாம் முடிய வேண்டும். பிறகு விடுமுறை. திரும்ப எழுத நேரமில்லாத இடத்தில் புள்ளியைத் தள்ளி வைப்பதால் ஒரு பயனும் இல்லை, நேரே கொடுத்துவிடலாம். உயர்தர மாணவர்கள் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பரீட்சை எழுதுவது, மற்றப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பார்க்கத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அறியவும்தான். அங்கே எண்தான் தகவல். நேரம் வைத்துக் கடந்தகால வினாத்தாள் செய்து பார்ப்பதும் அப்படியே. இந்த முறை உதவுவது தவணைக்கு நடுவில், அதே பாட அலகு இன்னும் முடியாமல் இருக்கும்போது கொடுக்கும் சிறு சோதனைகளுக்கு. அதிலும் எல்லாவற்றுக்கும் செய்யத் தேவையில்லை. தவணைக்கு இரண்டு மூன்று சோதனைகளை இப்படித் திருப்பிக் கொடுத்தாலே ஆசிரியருக்குப் போதிய வேலை.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, திருத்தி எழுதிய விடையை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்து வாங்கைப் பார்த்தும் BD = DC என்று எழுதிவிடலாம். ஒன்றிரண்டு கிழமை கழித்து வேறு படத்தோடு ஒரு வினாவைக் கொடுத்துப் பாருங்கள். AB, CD என்ற இரண்டு நேர்கோட்டுத் துண்டங்கள் O என்ற புள்ளியில் ஒன்றையொன்று இருசமகூறிடுகின்றன. AC = BD என நிறுவுக. இங்கே AO = OB, CO = OD, அவற்றுக்கு இடையில் உள்ளவை குத்தெதிர்க் கோணங்கள்; ப.கோ.ப. நேராக அமையும். கோணத்தை Oவில் எடுத்த பிள்ளை குறிப்பைப் பிடித்திருக்கிறது. Aயிலோ Cயிலோ ஒரு கோணத்தை எடுத்து, கீழே ப.கோ.ப. என்று எழுதியிருந்தால், அந்தப் பிள்ளைக்குக் குறிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. அப்படியானவர்கள் வகுப்பில் பாதிக்கு மேல் இருந்தால் குறிப்பைத் தாளில் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இடையில் உள்ள கோணம்" என்றால் எது என்பதைப் பலகையில் படம் போட்டுத் திரும்பப் படிப்பிக்க வேண்டும்.